கல்லுக்குள் வருகிற சாமி

கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்தில் ஆகம முறைப்படி பூசை நடக்கும் ஒரு கோயிலில் திருப்பணி தொடங்குகிறது என்றால், சாரம் கட்டுவதற்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரிடம் இருக்கும் சக்தியை மந்திரத்தால் கும்பத்து நீருக்கு மாற்றுவார்கள். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பிறகு அதை ஒரு மரப்பலகையிலோ படத்திலோ இருத்தி, வேறு இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். அதன்பின் கருவறைக்குள் ஸ்தபதி நுழையலாம். சிலையைத் தொடலாம், பெயர்க்கலாம். வேலை முடிந்ததும் எருமை வெண்ணெயும் குங்கிலியமும் கொம்பரக்கும் இன்ன பிறவும் சேர்த்து இடித்த அஷ்டபந்தன மருந்தால் சிலையைப் பீடத்தில் பதிப்பார்கள். கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்ப வரும். அது வரும்வரை அங்கே நிற்பது கல்தான். அர்ச்சகரே அப்படித்தான் சொல்வார்.

‘கல்லைக் கடவுள் என்று நம்புகிறார்கள்’ என்ற பழைய குற்றச்சாட்டு இந்த இடத்தில் நிற்காது. வீட்டில் மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையாராக வைப்பவர்கள், பூசை முடிந்ததும் அதை நகர்த்திவிட்டுத் தண்ணீரில் கரைக்கிறார்கள். தெற்கத்திச் சுடலைமாடனுக்குப் பல ஊர்களில் முகமே கிடையாது. சுண்ணாம்பு பூசிய செங்கல் பீடம்தான். கொடையன்று அதே சாமி ஒரு மனிதன்மேல் இறங்கி, ஆடி, மலையேறிவிடும். வருவதும் போவதும் இந்த வழிபாட்டின் இயல்பு.

ஆனால் படித்த இந்துக்கள் பலர் சொல்லும் பதில் வேறு. ‘சிலை ஒரு அடையாளம் மட்டுமே, மனம் ஒருமுகப்பட ஒரு துணை’ என்பார்கள். வெளியாருக்குச் சொல்ல வசதியான பதில்தான். ஆனால் வெறும் அடையாளத்துக்கு யாரும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்ட மாட்டார்கள். நைவேத்தியம் செய்து பள்ளியறையில் தாலாட்டவும் மாட்டார்கள். வைணவம் இந்தப் பதிலை ஏற்பதே இல்லை. பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசன பூஷணத்தில் ஓர் உவமை வைக்கிறார். உள்ளே உறையும் இறைவன் நிலத்தடி நீர் போன்றவன். அவதாரங்கள் ஆற்றில் ஓடிப்போன வெள்ளம். அர்ச்சாவதாரமோ அந்த வெள்ளம் வடிந்தபின் தேங்கி நின்ற மடு. தாகம் எடுத்தவன் கைக்கு எட்டுவது மடுதான். கிணறு வெட்டி உப்புத்தண்ணீர் கண்டு நொந்த கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இதற்கு உரை தேவையில்லை. கடவுள் தானாக இறங்கி வந்து எளியவனாகிறான் என்பதே இதன் பொருள்.

எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கல் கடவுளா என்பதல்ல அது. கடவுளை இங்கே வா என்று அழைக்க மனிதனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பது. யூத மறையில் இறைவனே உருவம் செய்யாதே என்று தடுத்துவிட்டான். இஸ்லாத்திலோ இறைவனுக்குரிய வணக்கத்தில் இன்னொன்றைக் கூட்டாக்குவதுதான் பெரும்பாவம்; கல்லா, மரமா, மனிதனா என்பது அடுத்த விஷயம். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒரே குரல் இல்லை. பத்துக் கட்டளைகளில் உருவத் தடையை ஆங்கிலிக்கர்கள் தனியாக இரண்டாம் கட்டளையாக எண்ணுவார்கள். கத்தோலிக்கர்கள் அதை முதல் கட்டளைக்குள் அடக்கி, கடவுளுக்குரிய ஆராதனை வேறு, புனிதர்களுக்குரிய வணக்கம் வேறு என்று பிரிப்பார்கள். இதே வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குப் பரலோக மாதாவின் தேர் வருகிறது. அந்த ஊரில் பணியாற்றிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமாரோடு எழுத்தில் மல்லுக்கு நின்றவர். மாதா தேருக்குப் பின்னால் போகும் கூட்டத்தைப் பார்க்கும் சீர்திருத்தச் சபைக்காரருக்கு, மாரியம்மன் சப்பரத்தைப் பார்க்கும்போது எழும் அதே சங்கடம் எழக்கூடும்.

அதிகாரம் பற்றிய கேள்வியைக் கோயிலும் லேசாகத் தள்ளிவிட முடியாது. சாமி இந்த அறைக்குள் இருக்கிறது என்று ஆகிவிட்டால், அறைச் சாவி வைத்திருப்பவனுக்கு ஒரு பலம் வந்துவிடுகிறது. எளியவனாக இறங்கி வந்தவனைப் பூட்டி வைத்து, யார் எட்டிப் பார்க்கலாம் என்று சாதி தீர்மானித்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் செல்லும்வரை அந்த மடு பலருக்குக் கானல்நீர்தான். இந்தக் கறை உருவத்திலிருந்து வந்ததல்ல என்று வாதாடலாம். உருவமில்லாத தொழுகையிடங்களிலும் வாசல்கள் சாத்தப்பட்டிருக்கின்றன, தேவாலயங்களிலேயே சாதிக்குச் சாதி தனி வரிசை இருந்திருக்கிறது. என்றாலும் இடத்துக்குள் வந்த கடவுளை மறைத்து வைப்பது சுலபம். அர்ச்சாவதாரத்தைக் கொண்டாடுகிறவர்களுக்குத்தான் இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு கூடுதல்.

எதிர்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தன் இறைவன் தனக்கு விதித்த தடை தன்னைக் கட்டும். அதை வைத்து அடுத்தவர் சிலையை உடைக்கவோ ஏளனம் செய்யவோ உரிமை வந்துவிடாது. குர்ஆனின் ஆறாம் அத்தியாயம், 108-ஆம் வசனம், பிறர் அழைக்கும் தெய்வங்களைத் திட்டாதீர்கள் என்று நேராகவே தடுக்கிறது. அவர்கள் பதிலுக்கு அல்லாஹ்வைத் திட்டிவிடுவார்கள் என்று காரணமும் சொல்கிறது. உருவ வணக்கம் தவறு என்ற நிலையில் இம்மியும் இறங்காமலேயே வாய்க்குக் கட்டுப்பாடு விதிக்கும் வசனம் அது.