சரக்கைப் புகழ்வது எதுவரை?

வியாபாரப் பெருமக்களே, நம்மில் பலர் நிறுவையில் மோசம் செய்ய அஞ்சுவோம். ஒரு முழத் துணியைக் குறைத்து வெட்ட நம் கை கூசும். ஆனால் விலைப்பட்டியல் எழுத உட்கார்ந்தால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கோ ஓடிவிடுகிறது. “உலகத்தரம்”, “ஈடிணையற்றது” என்று பேனா தானாகவே எழுதிச் செல்கிறது. இது பொய்யா, அல்லது வியாபாரத்தில் செல்லுபடியாகும் அலங்காரமா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

லுக்குட்டில் ஒரு ஜவுளிக் கடை. கடைக்காரர் பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்காக அவர் ஒரு சரக்குப் பட்டியல் வைத்திருக்கிறார். முன்பு காகிதத்தில் அச்சிட்டதை இன்று கைபேசியில் அனுப்புகிறார். அதில் ஒரு கைலிக்கு, அதாவது பழவேற்காட்டின் பெயரால் மலாய்க்காரர்கள் பெலிக்காட் என்று அழைக்கும் அதே கைலிக்கு, இப்படி எழுதியிருந்தார்:

“உலகத்தரம் வாய்ந்த, ஈடிணையற்ற அசல் பருத்திக் கைலி. சாயம் போகவே போகாது. எல்லோருக்கும் பொருந்தும். ஆயுள் முழுதும் உழைக்கும்.”

ஒரு மாதத்தில் தோட்டத்துக்காரர் ஒருவர் அந்தக் கைலியோடு வந்து நின்றார். “பாய், இரண்டு தடவைதான் துவைத்தேன். கட்டினால் மடிப்பு இடுப்பில் நிற்கவில்லை. என் வெள்ளைச் சட்டையும் நீலமாகிவிட்டது” என்றார். “பருத்தி என்றால் சுருங்கத்தானே செய்யும், அண்ணே! இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?” என்றார் கடைக்காரர். “எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதினது நீங்கள்தானே?” என்று கேட்டார் வந்தவர். அதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வியாபார ஒழுக்கம் பற்றி எழுதுகையில், சரக்கைப் புகழ்வதை அலசிப் பார்க்கிறார்கள். சரக்கில் இல்லாததைச் சொன்னால் அது பொய். இருப்பதையே சொன்னாலும், வாங்குபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் அது வீண் பேச்சு. சொன்னால் ஒழிய வாங்குபவர் அறிய முடியாத ஒரு குணத்தை மிகைப்படுத்தாமல் சொன்னால் மட்டும் குற்றமில்லை. இவ்விஷயத்தின் சாரம் இதுதான்.

இனி நம்மவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்தைப் பாருங்கள். “உலகத்தரம் என்பதை யாருமே நம்புவதில்லை; ஆகையால் யாரும் ஏமாறவில்லை” என்கிறோம். யாரும் நம்பவில்லையென்றால் அது வீண் பேச்சு, எழுதியும் பயனில்லை. ஒருவர் நம்பிவிட்டாலோ அது பொய்யாகிறது. இரண்டு பக்கமும் அடைபட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு நிற்க இடம் எங்கே? மிஞ்சுவது மூன்றாவது வகை ஒன்றுதான். அளவு, நூல், சேர்மானம், சுருக்கம் ஆகியவற்றைச் சொல்வதே அது. ஆகவே மிகைச்சொல்லை நீக்கினால் பட்டியல் வெறுமையாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். அறிய வேண்டியதை எழுத அப்போதுதான் இடம் பிறக்கிறது.

ஆனால் அறியாததை எழுத முடியாது. நம் கடைக்காரர் முதலில் தம் சரக்கைத் தாமே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெவ்வேறு நிறத்தில் மூன்று கைலிகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் நெடுக்கிலும் குறுக்கிலும் 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வேறு நிற நூலால் அடையாளம் தைத்தார். வழக்கம்போல் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு மறுபடியும் அளந்தார். உயரவாக்கில் 50 என்பது 49 ஆயிற்று. சுற்றளவுவாக்கில் இரண்டு கைலிகளில் 48-ம், ஒன்றில் 47½-ம் ஆயிற்று. பாவு நூல் தறியில் இழுத்துக் கட்டப்படுவதால் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் அதிகம் சுருங்கும்; தைத்த கைலியில் அது சுற்றளவாக அமைகிறது. 50-க்கு 2½ குறைந்தால் 2 மீட்டர் சுற்றளவில் 10 சென்டிமீட்டர் போய்விடும். பருத்த உடம்புக்காரருக்கு மடிப்பு ஏன் நிற்கவில்லை என்பது அப்போது விளங்கியது.

பிறகு ஈரமான வெள்ளைத் துணியைக் கைலியின் மேல் அழுத்தித் தேய்த்தார். கருநீலமும் கருஞ்சிவப்பும் கறை விட்டன. வெளிர் நிறங்கள் விடவில்லை. ஓரத்திலிருந்து சில நூல்களை உருவிக் கொளுத்தினார். காகிதம் எரிந்த வாடையும் மெல்லிய சாம்பலும் இருந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணிபோல் திரண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அவருக்குச் சாம்பலே கிடைத்தது. எனினும் இந்தச் சோதனை கலப்பு உண்டா என்பதைக் காட்டுமே தவிர, நூற்றுக்கு எத்தனை என்று காட்டாது. நூல் எத்தனையாம் நம்பர் என்பதையும் கடையில் இருந்தபடி அறிய முடியாது. அவற்றுக்கு ஆலைச் சீட்டுதான் ஆதாரம். அதை அப்படியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. எல்லாம் முடிந்தபின் அவர் எழுதியது இது:

“பருத்திக் கைலி, ஆலைச் சீட்டின்படி 100 சதம் பருத்தி, 60-ஆம் நம்பர் நூல். தைத்தது. உயரம் 120 செ.மீ., சுற்றளவு 2 மீட்டர். துவைத்தபின் உயரத்தில் 2 முதல் 3 செ.மீ., சுற்றளவில் 8 முதல் 10 செ.மீ. வரை சுருங்கும், பருத்த உடம்புக்குப் போதாது. கருநீலமும் கருஞ்சிவப்பும் சாயம் விடும், தனியே துவைக்கவும்.”

“சுருங்குவது பருத்தியின் இயல்பாயிற்றே, அதைக் குறை என்று சொல்லலாமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இனப் பொருளில் பொதுவாக இருக்கக் கூடாத ஒன்று இருந்து, அதனால் மதிப்போ பயனோ குறைந்தால்தான் அதை மார்க்கச் சட்டத்தில் குறை என்பார்கள். அந்தக் கணக்கில் சாதாரணச் சுருக்கம் குறையாகாது. ஆனால் இங்கே வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நம் எழுத்தை மட்டுமே பார்க்கிறார். துணியின் நல்ல பக்கத்தைக் காட்டி மறுபக்கத்தை மறைப்பதையும், இருட்டான இடத்தில் துணி காட்டுவதையும் இமாமவர்கள் மோசடியில் சேர்த்தார்கள். தொட முடியாதவருக்கு நம் பட்டியலே வெளிச்சம். அதில் சொல்லாமல் விட்டது இருட்டு.

எல்லைகளை எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழை பட்டது என்று சொன்ன வியாபாரியிடம், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஈரத்தை அடியில் போடுவதும், சுருக்கத்தைப் பட்டியலின் கடைசி மூலையில் பொடி எழுத்தில் போடுவதும் ஒன்றுதான். சுற்றளவைச் சொல்லும் அதே வரியில், அதே எழுத்தில், அது எவ்வளவு குறையும் என்பதும் இருக்கட்டும்.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சரக்கு அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பொய்யான விவரிப்பைக் குற்றமாக்குகிறது. ஆனால் “ஈடிணையற்றது” போன்ற மொட்டைப் புகழ்ச்சியைச் சட்டத்தால் பிடிப்பது கடினம். அளந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை. சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில்தான் வியாபாரியின் மனச்சாட்சிக்கு வேலை.

இதனால் நஷ்டமே வராது என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்துக் கடைப் பட்டியல் “உலகத்தரம்” என்று கூவும்போது, “பருத்த உடம்புக்குப் போதாது” என்று எழுதியவர் சில விற்பனைகளை இழக்கத்தான் செய்வார். ஆனால் அவர் இழப்பது யாரை? அந்தக் கைலி போதாதவரை. அவரிடம் வாங்கும் காசு, சட்டையையும் கைலியையும் கெடுத்து வாங்கும் காசு. அதை இழப்பென்று கணக்கில் எழுதுவதா, தப்பித்தோம் என்று எழுதுவதா என்பதை, அன்பர்களே, தத்தம் பட்டியலைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு தாங்களே முடிவு செய்யுங்கள்.