பதில் வராத கடிதத்துக்கு அடுத்த வரி

பதில் சொல்லாதவரிடம் மறுபடி கேட்க எனக்கு என்ன உரிமை? ஐ.டி. வேலையில் இது வாராவாரம் வரும் கேள்வி. பெரும்பாலும் "ஜென்டில் ரிமைண்டர், எனி அப்டேட்?" என்று அனுப்பிவிடுகிறோம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் பழைய மெயிலைத் தேடி, என்ன கேட்டோம் என்று புரிந்துகொண்டு, எப்போது வேண்டும் என்று ஊகித்து, பிறகுதான் பதில் எழுத முடியும். என் அவசரத்தை மட்டும் அவர் தலையில் ஏற்றுகிறேன். நச்சரிப்பு என்பது இதுதான்.

ஒரு உதாரணம். திங்களன்று வேறு டீமில் இருக்கும் சீனியருக்கு ஒரு டேட்டாபேஸ் மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பியாயிற்று. புதன்வரை சத்தமில்லை. புதன் காலை இப்படி எழுதலாம்:

"அண்ணா, திங்கட்கிழமை அனுப்பின ஆர்டர் டேபிள் மாற்றம் பத்தி. மொத்தம் 40 வரி, நீங்க பார்க்க வேண்டியது மைக்ரேஷன் ஃபைல்ல 6 வரி மட்டும். கேள்வி ஒண்ணுதான்: இண்டெக்ஸை இதோட சேர்த்துப் போடலாமா, டிராஃபிக் குறைஞ்ச பிறகு ராத்திரி தனியா போடணுமா? வெள்ளி மதியம் 2 மணிக்கு ரிலீஸ் பிரான்ச் எடுக்கறாங்க. இந்த வாரம் முடியாதுன்னா 'முடியாது'ன்னு போட்டா போதும், அடுத்த ரிலீசுக்குத் தள்ளிடறேன். லிங்க் கீழே."

பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது எழுதும் வேலைகள் நின்றுபோகலாம். அதனால் இது அவர் அனுபவத்தைக் கேட்கும் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். தேதியோடு காரணமும் இருக்கிறது. முக்கியமாக, 'முடியாது' என்று சொல்ல வழி இருக்கிறது. மறுக்க இடம் தராத பணிவு மெல்லிய குரலில் போடும் உத்தரவுதான்.

"நீங்க இன்னும் பார்க்கல போல" என்ற வரியை மட்டும் எழுதக் கூடாது. அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைக் குற்றச்சாட்டாக்குவது நியாயமில்லை.

எத்தனை நாள் பொறுப்பது? லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்புவோருக்கான வழிகாட்டி, நினைவூட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறது. மெர்ஜ் விண்டோ மாதிரி நெருக்கடியான சமயத்தில் இன்னும் கூட. பதிலே வராவிட்டால் சரியான இடத்துக்குத்தான் அனுப்பினோமா என்று பார்க்கவும் சொல்கிறது. மௌனம் என்றதும் எதிராளியைச் சந்தேகிக்கிறோம், முகவரியைச் சந்தேகிப்பதில்லை. ஆபீசில் கெடு இருந்தால் ஒரு வாரம் கட்டாது. அதனால்தான் கெடுவின் காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

"பதில் இல்லன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்" என்பதையும் பலர் எழுதுகிறார்கள். முடிவு என் அதிகாரத்துக்குள் இருந்து, தவறினால் திருப்பிக்கொள்ளவும் முடியும் என்றால் சரி. அடுத்த ரிலீசுக்குத் தள்ளுவது அப்படிப்பட்டது. ரிவ்யூ இல்லாமல் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புவது அப்படியல்ல. அங்கே அவர் மௌனத்தை என் கையெழுத்தாக்க எனக்கு உரிமை இல்லை.

இவ்வளவு செய்தும் பதில் வராமல் போகலாம். அப்போது இன்னொரு நினைவூட்டல் வேண்டாம். அந்த டீமில் வேறு யாரைக் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.