ஆயா என்று கூப்பிடட்டும்

பேரப்பிள்ளை தன்னை எந்த முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாய் மகனுக்குக் கடிதம் எழுதுவது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம் அன்று. முறைப்பெயர் உறவோடு தானாக வந்தது. அப்பாவைப் பெற்றவளை இன்ன சொல்லால் கூப்பிடுவது என்று ஊரும் குலமும் முன்பே முடிவு செய்திருந்தன. யாரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை, மறுத்ததும் இல்லை. குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்து, ஒரே வீட்டில் பல வழக்குகள் கலந்த பிறகுதான் "எந்தச் சொல்?" என்ற கேள்வி பிறக்கிறது. அதோடு ஓர் அறக்கேள்வியும் சேர்ந்து வருகிறது: இன்னொருவர் வாயில் தினமும் வரப்போகும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு?

பேராக் மாநிலத்துக்குப் பொருந்தும் ஒரு நிலைமையை வைத்து இதைப் பார்க்கலாம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில், 1960ஐ ஒட்டிப் பிறந்த ஒரு பெண். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியது. மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு முதல் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் எழுதுகிறாள்: "தம்பி, பிள்ளை பேசத் தொடங்கும்போது என்னை ஆயா என்று கூப்பிட்டால் எனக்கு மனசு நிறையும். என் ஆயாவை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்." மகனுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எல்லாரையும் போலப் பாட்டி என்று இருந்தால் போதாதா என்று நினைக்கிறான்.

அவள் கேட்பது புதுமையான சொல் அன்று. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை உதவிப் பயணத்தில் அனுப்புவதை நிறுத்தும் வரை கங்காணிகள் வழியாக அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர் முறைப்பெயரைக் கூடவே கொண்டு வந்தது. சேலத்துக்காரர் வீட்டிலும் ஆர்க்காட்டுக்காரர் வீட்டிலும் ஆயா. திருச்சி, தஞ்சைப் பக்கத்தில் அப்பாயி, அம்மாயி. அடுத்தடுத்த கதவுகளில் இத்தனை சொற்கள் இருந்தன. தெலுங்கு பேசிய வீட்டில் அவ்வா. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் வீட்டில் அப்பம்மா, அம்மம்மா. பள்ளிப் பாடநூலும் வானொலியும் நகர வாழ்வும் சேர்ந்து பாட்டி என்ற பொதுச்சொல்லை மேலே கொண்டுவந்தன. கடிதம் எழுதும் பெண்ணின் ஆயா 1938க்கு முன் கப்பலேறி வந்த தலைமுறை. அந்த ஆயாவை அப்படிக் கூப்பிட்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சிலரே. அது அடுத்த வாய்க்குப் போகாவிட்டால் அந்தக் குடும்பத்தில் அதோடு முடிந்துவிடும்.

மகனின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. தோட்டத்தில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பால்மரம் சீவப் போகும் தாய்மார் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கைக்குழந்தையை அதற்கு முன்பே ஆயாக்கொட்டகையில் விட்டுவிடுவார்கள். அங்கே உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் துணித் தூளிகளை ஆட்டிக்கொண்டு, புட்டிப்பால் கலக்கிக் கொடுத்துக்கொண்டு, பெரும்பாலும் மரம் சீவும் வயது கடந்த ஒரு பெண் இருப்பாள். அவளும் ஆயாதான். பள்ளியிலும் பணக்கார வீடுகளிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்த பெண்ணும் ஆயா. இந்த வேலைப்பெயர் வெள்ளைக்காரர் வீடுகளில் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வந்த வழி வேறானாலும் காதில் விழும் ஒலி ஒன்றுதான். இவை போக, மலாயில் ஏறக்குறைய அதே ஒலி அப்பாவைக் குறிக்கும். பாலர் பள்ளியில் "ஆயா வந்து அழைத்துப் போவார்" என்று குழந்தை சொன்னால் ஆசிரியர் தந்தையை எதிர்பார்த்து நிற்பார்.

இந்த இரண்டு மறுப்புகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பள்ளியில் வரும் குழப்பம் உண்மையானது, ஆனால் சிறியது. ஒரு வாரத்தில் ஆசிரியருக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். மலாய்க்காரப் பிள்ளைகள் பேராக்கில் தங்கள் பாட்டியை ஓப்பா என்கிறார்கள். கான்டனிய வீட்டுப் பிள்ளை தாயைப் பெற்றவளைப் போபோ என்கிறது. கோலாலம்பூரின் ஒரு வகுப்பறையில் நான்கு மொழிப் பாட்டிமார் இருப்பது ஆசிரியருக்குப் பழகிய விஷயம். வேலைக்காரியைக் குறிக்கும் சொல் என்ற மறுப்புதான் கனமானது. அது குழந்தையின் நலனிலிருந்து எழவில்லை, வெட்கத்திலிருந்து எழுகிறது. கொட்டகையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் தூளியில் ஆட்டி வளர்த்த பெண்ணின் பெயரோடு தன் தாயின் பெயர் ஒட்டக் கூடாது என்று மகன் நினைத்தால், அந்த வேலை இழிந்தது என்ற தீர்ப்பை அவன் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறான். தாய் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. இரண்டு பொருளும் தெரிந்துதான் அவள் கேட்கிறாள். அவளுக்கு இழிவு வந்துவிடக் கூடாது என்று சொல்லி அவளுடைய விருப்பத்தையே மறுப்பது அவளைக் காப்பதாகாது. எந்தப் பெயர் தனக்கு மதிப்பு என்பதை அவள்தான் சொல்ல முடியும்.

அவள் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பெண்ணை மற்றவர்கள் கூப்பிட்ட பெயர்களில் அவள் தேர்ந்தெடுத்தது அநேகமாக ஒன்றும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், செக்ரோலில் கிராணி சுருக்கி எழுதிய பெயர், இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி, பிறகு இன்னார் அம்மா. தண்டலும் கிராணியும் வயது பார்க்காமல் நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபது வயதில் அவள் முதல்முறையாக, என்னை இப்படிக் கூப்பிடுங்கள் என்கிறாள். அது சின்ன ஆசை போலத் தோன்றினாலும் அதற்குரிய எடையைக் கொடுத்துத்தான் பரிசீலிக்க வேண்டும். ஆயினும் கடந்த காலம் அவளுக்குச் செய்த குறையை ஈடுகட்டும் கடமையைப் பேரப்பிள்ளையின் தலையில் வைக்க முடியாது. கேட்கும் உரிமை அவளுக்கு முழுதாக உண்டு. கேட்டது கிடைத்தே தீர வேண்டும் என்ற உரிமை அதிலிருந்து வராது.

ஏனென்றால் இதில் மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது. கடிதம் மகனுக்குப் போகிறது. ஆனால் குழந்தைக்குத் தினமும் பேச்சுப் பழக்கப்போவது பெரும்பாலும் மருமகள். அவளைக் கேட்காமல் அம்மாவும் மகனும் பேசி முடித்துவிட்டால், சொல் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அவளுக்கு அது உத்தரவாகத்தான் வந்து சேரும். சம்பந்தியம்மாவும் ஒரு பாட்டி. அவர் வீட்டிலும் ஆயா என்ற வழக்கே இருந்து, அவரும் அதையே விரும்பக்கூடும். கடிதம் முதலில் எழுதியவருக்குச் சொல் சொந்தம் என்ற விதி குடும்பத்துக்குள் செல்லாது. புந்தோங் ஆயா, கிள்ளான் ஆயா என்று ஊர்ப்பெயர் சேர்த்து இருவரையும் கூப்பிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் தீர்க்கிறார்கள்.

இதனால் கடிதத்தின் வாசகம் முக்கியமாகிறது. "பிள்ளை என்னைப் பாட்டி என்று கூப்பிடக் கூடாது, சொல்லிவிடு" என்பது ஒரு வகை. "உன் பெண்டாட்டியிடமும் சம்பந்தியம்மாவிடமும் கேட்டுப் பார். அவர்களுக்குச் சரிப்படாவிட்டால் பாட்டி என்றே இருக்கட்டும்" என்பது இன்னொரு வகை. இரண்டிலும் ஆசை ஒன்றே. முதலாவது மகனைத் தூதனாக்கி மனைவியின் முன் நிறுத்துகிறது. இரண்டாவது மறுக்க இடம் வைத்துக் கேட்கிறது. மறுத்தாலும் உறவு கெடாது என்ற உறுதி கடிதத்திலேயே இருக்கும்போதுதான் மருமகளால் மனதில் உள்ளதைச் சொல்ல முடியும். மகனுக்கும் ஒரு கடமை உண்டு. அம்மாவின் கடிதத்தை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்ட வேண்டும். தனக்குப் பிடிக்காததை மறைத்துவிட்டு "அவளுக்கு இஷ்டமில்லையாம்" என்று பழியை அவள்மேல் போடுவது இருவருக்கும் செய்யும் துரோகம்.

எல்லாச் சொல்லையும் இப்படிக் கேட்டுவிடவும் முடியாது. பேரப்பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என ஒரு பாட்டி எழுதினால் நிலைமை மாறுகிறது. கூட்டுக் குடும்பத்தில் இது தானாக நடப்பதுண்டு. அப்பா தன் தாயை அம்மா என்பதைக் கேட்டு, குழந்தையும் பாட்டியை அம்மா என்றே கூப்பிடும். பெற்றவளை வீட்டில் மற்றவர்கள் கூப்பிடுகிறபடி அக்கா என்றோ அண்ணி என்றோ கூப்பிடும். பெற்றவள் அதை மனமாரப் பொறுத்த வீடுகளும் உண்டு, வாய் திறக்காமல் விழுங்கிக்கொண்ட வீடுகளும் உண்டு. அது தானாக நேர்வது வேறு, கேட்டு வாங்குவது வேறு. ஆயா என்று கேட்பவள் யாரிடமிருந்தும் எதையும் எடுப்பதில்லை. அம்மா என்று கேட்பவள் இன்னொருத்திக்கு உரியதைக் கேட்கிறாள்.

பெரியவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகும் குழந்தையின் நாக்கு இருக்கிறது. உலக மொழிகள் பலவற்றில் தாய், தந்தையைக் குறிக்கும் சொற்கள் ஏன் ம, ப ஒலிகளில் அமைகின்றன என்பதை மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் ஆராய்ந்தார். உதடு சேரும் ஒலி குழந்தைக்கு முதலில் வசப்படுகிறது, அந்த மழலைக்குப் பெரியவர்கள் பொருள் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். பாட்டியில் வரும் ட் பல குழந்தைகளுக்குத் தாமதமாகவே வருகிறது. பாத்தி என்றுதான் முதலில் சொல்கின்றன. ஆயா அந்த வகையில் எளிது. ஆனாலும் குழந்தை அதை யாயா ஆக்கலாம், அல்லது யாரும் சொல்லிக் கொடுக்காத வேறொன்றைச் சொல்லலாம். இரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்துத் திருத்துவதும், சரியாகச் சொல்லும் வரை திரும்பிப் பார்க்க மறுப்பதும் அன்பாகக் கேட்ட சொல்லைத் தண்டனையாக்கிவிடும். குழந்தை எதைச் சொன்னாலும் பதில் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் தமக்குள் ஆயா என்றே சொல்லிவந்தால் போதும். அது நிலைத்தால் நிலைக்கட்டும்.

கடிதம் எழுதும்போது நினைவில் வராத ஒருவரும் இருக்கிறார், அவளுடைய மகள். முதல் பேரப்பிள்ளை எந்தச் சொல்லில் நிலைக்கிறதோ அதையே பின்னால் பிறக்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. மகன் வீட்டில் ஆயா என்று ஆகிவிட்டால் நாளை மகளின் பிள்ளைகளுக்கும் அவள் ஆயாதான். மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாதிருக்கலாம், அவளுக்கும் அந்தக் கொட்டகையின் நினைவு உறுத்தலாம். எனவே அதே கடிதத்தின் ஒரு படியை மகளுக்கும் அனுப்பி அவள் சொல்வதையும் கேட்பதே முறை.