யாரும் பொய் சொல்லலை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டு இலக்கு: 'ரிஜெக்‌ஷன் 6 சதவிகிதத்திலிருந்து 3 ஆக வேண்டும்.' மூன்று மாதம் கழித்து போர்டில் பளிச்சென்று 3! ஒரே கைதட்டல்.

பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஓட்டை விழுந்த காஸ்டிங்கையெல்லாம் வெல்டிங் வைத்து, தேய்த்து, 'ரீவொர்க்' கணக்கில் தள்ளியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லலை சார். கேட்ட எண்ணைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இன்டெலின் ஆண்டி குரோவ் 1983-ல் வந்த தன் புத்தகத்தில் இதற்கு வழி சொன்னார்: ஒன்றை அளந்தால், அதனால் கெடக்கூடியதையும் சேர்த்து அளக்க வேண்டும். 'ரிஜெக்‌ஷன் 3, ரீவொர்க் இப்போதுள்ள 5-ஐத் தாண்டக் கூடாது' என்று எழுதுங்கள்.

வாராவாரம் இரண்டையும் பாருங்கள். '4-தான் வந்தது' என்பவரிடம் காரணம் கேளுங்கள். போனஸில் கை வைக்காதீர்கள். வைத்தால், அடுத்த காலாண்டில் உங்களுக்கு 3 கிடைக்கும்; உண்மை கிடைக்காது.