இரண்டாவது கடிதம்

ஊழியர்களின் அந்தரங்க விவரம் கசிந்துவிட்டால், அதைப் பற்றி நிர்வாகம் அனுப்பும் இரண்டாவது கடிதம் பல நேரங்களில் கசிவைவிட ஆழமாகக் காயப்படுத்துகிறது. கசிந்த கோப்பைத் திறக்காதவர்கள்கூட இந்தக் கடிதத்தைப் படித்துவிடுகிறார்கள்.

அறுபது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். விடுப்புக் கணக்கை எக்செல் கோப்பாக எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். விடுப்புக்கான காரணம் எழுதிய பத்தியை மறைத்திருந்தார்களே தவிர அழிக்கவில்லை. யாரோ அதை விரித்துப் பார்க்கிறார்கள். ஒருவருக்குக் கருச்சிதைவு. இன்னொருவர் மனநலச் சிகிச்சையில் இருக்கிறார்.

மறுநாள் கடிதம் வருகிறது: “கணக்குப் பிரிவுப் பெண் ஊழியர் ஒருவரின் கருச்சிதைவு குறித்த தகவல் தவறுதலாக வெளியானதற்கு வருந்துகிறோம்.” பெயர் போடவில்லைதான். ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பது இரண்டே பெண்கள். போன மாதம் பத்து நாள் வராதவர் யார் என்று கேன்டீனில் எல்லோருக்கும் தெரியும். பிரிவு, பாலினம், தேதி ஆகியவை சேர்ந்துவிட்டால் பெயருக்கு வேலையே இல்லை. சம்பந்தமே இல்லாத அந்த இன்னொரு பெண்ணின் முகத்தையும் நாலு பேர் உற்றுப் பார்ப்பார்கள்.

சரியான கடிதத்துக்கு அந்த விவரம் எதுவும் தேவையில்லை. “செவ்வாயன்று அனுப்பிய விடுப்புக் கோப்பில், பகிரக் கூடாத தனிப்பட்ட தகவல் இருந்தது. தவறு நிர்வாகத்துடையது. பொதுக் கோப்புறையிலிருந்து அதை நீக்கிவிட்டோம். உங்களிடம் பிரதி இருந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், அதைப் பற்றிப் பேசாதீர்கள். அடுத்த தகவல் வெள்ளிக்கிழமை மாலை வரும்.” என்ன நடந்தது, யார் பொறுப்பு, ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. யாருடைய உடம்பும் மனமும் இதில் இல்லை.

இதைப் புதிய மின்னஞ்சலாகத்தான் எழுத வேண்டும். பழையதற்கே ரிப்ளை போட்டால் முந்தைய செய்தியும் அடியில் தொங்கிக்கொண்டு வரும். ஃபார்வர்டு செய்தால் கோப்பும் கூடவே போகும். “எல்லாப் பிரதிகளும் அழிக்கப்பட்டுவிட்டன” என்றும் எழுதக் கூடாது. யாருடைய போனில் அது இறங்கியிருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியாது. பொய்யான உறுதியை நம்பியவர், பிறகு யாராவது அதைப் பற்றிப் பேசக் கேட்டால் இரண்டாம் முறை உடைந்துபோவார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாதிக்கப்பட்டவர்களிடம் தனியாகப் பேசியாக வேண்டும். தகவல் கசிந்தால் உரியவருக்குத் தெரிவிப்பது, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் கடமையும்கூட. எது வெளியானது என்ற முழு விவரம் அவர்களுக்கு உரியது, மற்றவர்களுக்கு அல்ல.

இப்படி ஒரு கடிதத்தை எழுத நேர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அனுப்புவதற்கு முன் வரைவைப் பாதிக்கப்பட்டவர்களிடம் காட்டுங்கள். ஒரு வரியை எடுக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.