கைசிக இரவில் விழித்திருந்தோர் இருவர்

கார்த்திகை மாதத்து சுக்லபக்ஷ ஏகாதசியை நம் ஸம்ப்ரதாயத்தார் கைசிக ஏகாதசி என்று கொண்டாடுகிறோம். அன்று பகலும் இரவும் உபவாஸம். இரவு முழுவதும் ஜாகரணம். மறுநாள் த்வாதசியில், உரிய வேளைக்குள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை. இவை யாவரும் அறிந்தவையே. அந்த இரவில் கண் மூடாதிருந்ததனால் நம்முள் எது விழித்தது என்னும் கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இக்கேள்வி நமக்கு எழுந்ததற்கு ஒரு காரணமுண்டு. வங்கியில் பணியாற்றிய ஆண்டுகளில் மார்ச்சு 31ஆம் தேதி இரவுகள் பலவற்றைக் கண் மூடாமல் கழித்திருக்கிறோம். ஆண்டுக் கணக்கு முடிக்கையில் சில ரூபாய் வித்தியாசம் விழுந்தாலும் அது அகப்படும் வரை பேரேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்போம். விடியும்வரை விழித்திருப்பதே புண்ணியமாயின், அந்தப் புண்ணியம் நம் போன்றோரிடம் மலைபோல் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் சேரவில்லை. விழிப்பு தன்னளவில் வெறும் பாத்திரம். அதில் என்ன நிறைகிறது என்பதே காரியம்.

கைசிக மாஹாத்மியம் வராஹ புராணத்தில் உள்ளது. ஞானப்பிரானே பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்ததாக அமைந்தது. ஸ்ரீபராசர பட்டர் இதற்கு வ்யாக்யானம் அருளியிருக்கிறார். கதை யாவரும் கேட்டதே. எனினும் அதன் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டியிருப்பதால் சுருக்கமாக நினைவுகூர்வோம்.

திருக்குறுங்குடிக்கு அருகே, மலையடிவாரத்தில் நம்பாடுவான் என்னும் பாகவதர் வாழ்ந்தார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவராதலால் கோயிலுக்குள் புகும் வழக்கம் அவருக்கு இல்லை. இரவுதோறும் வீணையுடன் வந்து, வெளியே நின்றபடி, அழகியநம்பியைத் துயிலெழப் பாடிவிட்டுத் திரும்புவார். இதுவே அவருடைய ஜாகர வ்ரதம். ஒரு கார்த்திகை ஏகாதசி இரவில் அவர் வரும் வழியில் ஒரு ப்ரஹ்மரக்ஷஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. பல நாள் பட்டினியோடிருந்த அதற்கு அவர் உடல் உணவு.

நம்பாடுவான் உயிருக்கு அஞ்சி இறைஞ்சவில்லை. அவர் கேட்டது ஒன்றே: பாடி முடித்துவிட்டு வருகிறேன், பிறகு உண்டுகொள் என்றார். ரக்ஷஸ் நம்பவில்லை. கைக்கு வந்த இரையை வாக்குறுதிக்கு ஈடாக விடுவார் யார்? (கடன் கொடுக்கும் தொழிலில் இருந்த நமக்கு ரக்ஷஸ்ஸின் சந்தேகம் மிக இயல்பாகவே படுகிறது.) நம்பாடுவான் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டு சபதங்கள் செய்தார். திரும்பி வாராவிடில் இன்ன பாபம் செய்தவன் புகும் கதியை அடைவேன் என்பது அவற்றின் வடிவம். இறுதியில், ஸ்ரீமந்நாராயணனையும் மற்றைத் தெய்வங்களையும் சமமாக எண்ணுபவன் அடையும் கதியை அடைவேன் என்றபோது ரக்ஷஸ் கையை விட்டது.

அவர் சென்று பாடினார். பிறகு, வந்த வழியே திரும்பினார்.

ஜாகரணம் என்றால் பாடிய அந்த நேரத்தையே நாம் எண்ணுகிறோம். பாட்டு முடிந்தபின் ரக்ஷஸ்ஸை நோக்கி அவர் நடந்த நடையும் அதே ஜாகரணத்தைச் சேர்ந்தது என்பதே நமது துணிபு. வழியில் ஒரு கிழவர் அவரை மறித்தார். எம்பெருமானே அவ்வுருவில் வந்தான் என்பது பெரியோர் வாக்கு. அந்தப் பக்கம் போகாதே, அங்கே ரக்ஷஸ் இருக்கிறது, வேறு வழியாகத் தப்பிப் போ, உயிரைக் காக்கும் பொருட்டு வாக்குத் தவறினால் குற்றமில்லை என்றார் கிழவர். சாஸ்திரத்தில் இடமுள்ள அறிவுரைதான். ஊரறிய யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம்பாடுவானோ மறுத்து நடந்தார். இரவெல்லாம் எவனைத் துயிலெழுப்பப் பாடினாரோ, அவன் வந்து சொல்லியும் அவருடைய ஸத்யம் உறங்க இசையவில்லை.

அடுத்து நிகழ்ந்ததே இக்கதையில் நம்மை நெடுநாள் தடுமாற வைத்த இடம். திரும்பி வந்தவரைக் கண்டு வியந்த ரக்ஷஸ், உன்னை விட்டுவிடுகிறேன், இன்றிரவு பாடிய பாட்டின் பலனைக் கொடு என்று கேட்டது. அவர் கொடுக்கவில்லை, சொன்னபடி என்னை உண்டுகொள் என்றார். ஒரு யாமத்துப் பாட்டின் பலனையாவது கொடு என்றது. அதற்கும் மறுத்தார். ஒரே ஒரு பாட்டின் பலன் போதும் என்று இறங்கி வந்தது. அப்போதும் இசையவில்லை. உடலையே தரத் துணிந்தவர், ஒரு பாட்டின் பலனைத் தர ஏன் தயங்கினார்? அது லோபமன்றோ என்று இளமையில் நாம் நினைத்ததுண்டு.

கேட்ட முறையைப் பார்த்தால் விடை தெரிகிறது. முதலில் ரக்ஷஸ் பேசியது வியாபாரம். உன் உயிருக்கு விலையாக உன் பாட்டைக் கொடு என்றது. பாட்டு எம்பெருமானுக்குச் செய்த கைங்கர்யம். தம் உயிரை மீட்க அதை விலையாகக் கொடுத்தால், அந்தக் கணமே அது கைங்கர்யமாக இராமல், சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்த தொகையாகிவிடும். அவர் அப்படி ஒரு கணக்கே வைத்திருக்கவில்லை. பலனைக் கருதிப் பாடாதவரிடம் பலனை விலைபேசினால் அவர் எதைக் கொடுப்பார்?

பிறகு ரக்ஷஸ் பேரத்தை விட்டது. அவர் காலில் விழுந்து தன் வரலாற்றைச் சொல்லி அழுதது. முற்பிறப்பில் அது ஸோமசர்மா என்னும் அந்தணன். யாகத்தில் தவறிழைத்து, அதனால் இந்த ஜன்மம் வந்தது. என்னை நீதான் கரையேற்ற வேண்டும் என்று சரணம் பற்றியது. அப்போது நம்பாடுவான் தயங்கவே இல்லை. அன்றிரவு கைசிகம் என்னும் பண்ணில் தாம் இறுதியாகப் பாடிய பாட்டின் பலனைத் தந்தார். ரக்ஷஸ் உய்ந்தது. விலையாகக் கேட்டபோது மறுத்த அதே பொருளை, இரந்து நின்றவனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். தம் உயிருக்காக எடுக்காததைப் பிறன் உய்வுக்காக எடுத்தார்.

அந்தக் காட்டில் அன்றிரவு விழித்திருந்தோர் இருவர் என்பதையும் கவனிக்க வேண்டும். ரக்ஷஸ்ஸும் உறங்கவில்லை. பசியால் விழித்திருந்தது. விழித்திருந்தும், எதிரே வந்தவரிடம் அது கண்டது மாமிசத்தை மட்டுமே. நம்பாடுவானோ, தம்மை உண்ண நின்ற உருவத்தினுள்ளே துன்புறும் ஓர் ஆத்மாவைக் கண்டார். இருவர் கண்களும் திறந்தே இருந்தன. எதிரில் நிற்பவனைக் காணும் கண் ஒருவருக்குத்தான் திறந்திருந்தது.

இவ்விடத்தில் நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதக் கூச்சமாகவே உள்ளது. நம் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த ஆண்டு அது. ஓய்வு பெற்றபின் வந்த கைசிக ஏகாதசியாதலால், இம்முறை ஒரு நொடியும் கண்ணயராமல் ஜாகரணம் செய்வதென்று உறுதிகொண்டோம். வீட்டார் தூக்கம் கெடாதிருக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு திவ்யப்ரபந்த ஒலிப்பதிவைக் கூடவே அநுஸந்தித்தபடி முன்கூடத்தில் அமர்ந்தோம். இரவை நான்கு யாமமாகப் பிரித்தால் யாமத்துக்கு மூன்று மணி நேரம். முதல் இரண்டும் எளிதில் கழியும். மூன்றாம் யாமத்தில்தான் சோதனை; வாய் பாசுரத்தைச் சொல்லும், மனம் எங்கோ போய்விடும், ஒரே அடியை இரண்டு முறை சொன்னது பிறகே தெரியும். அதையும் எழுந்து நடந்து, முகம் கழுவி, வென்றோம். விடிந்தபோது பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தாயாரின் அறைக்குச் சென்றோம். தீர்த்த டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. படுக்கை நனைந்திருந்தது. அவர் விழித்தே இருந்தார்.

“என்னம்மா, கூப்பிடக் கூடாதா?” என்று கேட்டோம்.

“ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீ ஸேவிச்சுண்டிருந்தே. கலைக்க வேண்டாம்னு இருந்துட்டேன்,” என்றார்.

ஆக, அன்று நம் வீட்டிலும் விழித்திருந்தோர் இருவர். நம்முடைய விழிப்பை நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். நனைந்த படுக்கையில் நாவறண்டு கிடந்தவர், நம் அநுஸந்தானத்துக்கு பங்கம் வராமல் காத்துக்கொண்டிருந்தார். எவருடையது ஜாகரணம் என்று இன்றளவும் நமக்கு ஐயமில்லை.

ச்ருங்கிபேரபுரத்தில் பெருமாள் புல்லணையில் கண்வளர்ந்தருளிய இரவை நம் பூர்வாசார்யர்கள் அனுபவிக்கும் அழகு நினைவுக்கு வருகிறது. இளையபெருமாள் உறங்காமல் காவல் நின்றார். அவரையும் சந்தேகித்துக் குகன் வில்லேந்தி விழித்திருந்தான். இருவரையும் சந்தேகித்துக் குகனுடைய பரிஜனம் விழித்திருந்தது. அவர்களில் எவரும் தம் வ்ரதத்துக்காக விழிக்கவில்லை. கண்ணெதிரே ஒருவருக்குத் தீங்கு வந்துவிடுமோ என்னும் பரிவால் உறக்கம் தானே விலகி நின்றது. அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சினாலும் அந்த அச்சம் குற்றமாகவில்லை.

இதனால் விதிகள் வேண்டா என்று சொல்ல வரவில்லை. உபவாஸமும் ஜாகரணமும் இல்லையேல், நம் போன்றோர் அந்த இரவை மற்றோர் இரவாகவே உறங்கிக் கழித்திருப்போம். ஆனால் ஜாகரணம் சரியாக நடந்ததா என்று அறிய, நாம் கண்ட ஓர் அடையாளம் உண்டு. த்வாதசிக் காலையில் பாரணை சற்றுத் தாமதித்தால், அடுப்படியில் நிற்பவர்கள்மேல் கோபம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களும் அதே உபவாஸத்தோடு, விடியுமுன் எழுந்து கீரை ஆய்ந்தவர்கள். அந்தக் கோபம் வந்தால், இரவில் விழித்தது கண் மட்டுமே. நமக்கு அந்தக் கோபம் பல ஆண்டுகள் வந்திருக்கிறது.

திருவரங்கத்தில் அன்றிரவு நம்பெருமாள் திருமுன்பே பட்டர் திருவம்சத்தார் கைசிக புராணம் வாசிக்கிறார்கள். திருக்குறுங்குடியில் அதே இரவில் இந்தக் கதையையே நாடகமாக நடிக்கிறார்கள். அடுத்த ஆண்டு நாம் இரண்டு இடத்துக்கும் போகவில்லை. தாயாரின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைசிக புராணத்தை அவர் கேட்க வாய்விட்டு வாசித்தோம். சபதங்கள் முடிந்து, நம்பாடுவான் பாடிவிட்டுத் திரும்பும் கட்டம் வந்தபோது மூன்றாம் யாமம் ஆகியிருந்தது. தீர்த்தம் வேண்டும் என்றார். புஸ்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, வெந்நீர் கலந்து கொடுத்து, தலையணையைச் சரிசெய்தோம். பாதி வாக்யத்தில் நிறுத்தியிருந்தோம்.

“எங்கே விட்டே?” என்றார்.

“கிழவர் வழியை மறிக்கிறார்,” என்று சொல்லிவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினோம்.