‘ஹாய்’க்குப் பிறகு என்ன?

லிங்க்டுஇன்னில் ஆளெடுப்பவருக்கு ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் நிறைய. ‘எந்த வேலையானாலும் சரி’ என்பது அதைவிட மோசம். ஒரே சமயத்தில் பல பணியிடங்களைக் கையில் வைத்திருப்பவர், உங்களுக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து யோசிக்க மாட்டார். அந்த வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள்:

“வணக்கம். உங்கள் கோவை அலுவலகத்துக்கான சாஃப்ட்வேர் டெஸ்டர் அறிவிப்பைப் பார்த்தேன். 4 ஆண்டுகளாக வங்கிச் செயலிகளைச் சோதித்து வருகிறேன். இந்தப் பணிக்கு ரெஸ்யூமேயை உங்களுக்கு அனுப்பலாமா?”

எந்தப் பணி, என்ன அனுபவம், என்ன வேண்டும் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. அறிவிப்பில் பணி எண் இருந்தால் அதையும் சேருங்கள். அவர் தேட வேண்டியிருக்காது. கடைசிக் கேள்விக்கு ‘அனுப்புங்கள்’ என்ற ஒரு சொல்லே பதிலாகப் போதும். குடும்பக் கஷ்டம், சம்பள எதிர்பார்ப்பு எல்லாம் முதல் செய்தியில் வேண்டாம். இணைப்பு அழைப்போடு போகும் குறிப்புக்குச் சில நூறு எழுத்துகளுக்குமேல் இடமும் கிடையாது.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா? நிறுவனத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.